பிளக் மாட்டக் கற்றுத்தரும் ஐந்து நிமிடக் குரல்

இஸ்திரிப் பெட்டியின் ஒயரில் மூன்று பின் பிளக் மாட்டுவது, எலக்ட்ரீஷியன் வேலை கற்க வருபவர்கள் ஆரம்பத்திலேயே பழகும் வேலைகளில் ஒன்று. பயிற்றுநர் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் கால் மணி நேரத்தில் கை பழகிவிடும். அதே வேலையைக் கைப்பேசியில் பார்த்துக் கற்கும் ஐந்து நிமிடப் பாடமாக்குவது எளிதல்ல. பயிற்றுநருக்கு மாணவரின் கை தெரிகிறது. ஒயரைத் தவறான திருகுக்குக் கொண்டுபோகும்போதே "அது இல்ல தம்பி, பக்கத்துல" என்று தடுத்துவிடுவார். கைப்பேசிப் பாடத்துக்குக் கண் கிடையாது. மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை எழுதுபவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கான சொல்லை அந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இப்படி எழுதப்படும் பக்கங்களைத் துறையில் ஸ்டோரிபோர்டு என்பார்கள். பாடத்தைச் சின்னச் சின்னத் திரைகளாகப் பிரித்து, ஒவ்வொரு திரைக்கும் என்ன காட்சி, குரல் என்ன சொல்லும், திரையில் என்ன எழுத்து வரும் என்று தனித்தனிக் கட்டங்களில் எழுதியிருக்கும். கடைசியில் வினாக்களும், மாணவர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு விடைக்கும் பாடம் திருப்பிச் சொல்ல வேண்டிய பதிலுரையும் இருக்கும். குரலுரை, திரை எழுத்து, பதிலுரை ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. ஒன்றையே மூன்று இடத்திலும் திருப்பிச் சொல்லும்போதுதான் பெரும்பாலான பாடங்கள் சலித்துப்போகின்றன. இந்த மூன்றும் எப்படி உருவாகின்றன என்பதைப் பிளக் பாடத்தை வைத்தே பார்க்கலாம்.

தவறுகளின் பட்டியலிலிருந்து தொடங்குவது

வழக்கமாகக் குரலுரையை முதலில் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு கடைசி நாளில் வினாக்களை அவசரமாகச் சேர்ப்பார்கள். வரிசையை மாற்றிப் போடுவதே நல்லது. முதலில் பயிற்றுநர் ஒருவரோடு உட்கார்ந்து, "இந்த வேலையில் பிள்ளைகள் என்னென்ன தப்பு செய்வார்கள்?" என்று கேட்க வேண்டும். பிளக் வேலையில் முக்கியமாக மூன்று தவறுகள் கிடைக்கும்.

முதல் தவறு நிறத்தில். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி போன்ற சாதனங்களோடு இப்போது வரும் வளையும் ஒயரில் பழுப்பு ஃபேஸ், வெளிர்நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஆனால் நம் நாட்டில் கட்டடங்களின் மூன்று ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ்; கறுப்பு நியூட்ரல். சுவருக்குள் நீலத்தை ஃபேஸாகப் பார்த்துப் பழகிய மாணவர், சாதனத்தின் ஒயரிலும் நீலத்தை ஃபேஸ் என்றே எடுத்துக்கொள்வார். அவர் கவனக்குறைவாகச் செய்யவில்லை. இன்னொரு பாடத்தில் சரியாகக் கற்றதை இங்கே தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்.

இரண்டாவது தவறு பக்கத்தில். சுவரிலுள்ள சாக்கெட்டை நேராகப் பார்த்தால் எர்த் மேலே, ஃபேஸ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம். பிளக்கைக் கழற்றித் திருகுகள் இருக்கும் பக்கத்தைப் பார்க்கும்போதும் இதே வரிசைதான் வரும். பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வலமும் இடமும் மாறிவிடும். "ஃபேஸ் வலப்பக்கம்" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் பிளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு மாட்டினால் தவறிவிடுவார்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: "சூடாகிறது, அதனால் வேலை சரி" என்ற முடிவு. பெட்டி சூடாவதற்கு ஃபேஸும் நியூட்ரலும் போதும். எர்த் கம்பி திருகுக்குள் போகாமல் வெளியே கிடந்தாலும் பெட்டி சூடாகும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சூடாகும். ஆனால் அப்படி மாறியிருந்தால் தெர்மோஸ்டாட் நியூட்ரல் பாதையில் போய்ச் சேர்ந்துவிடும். சூடு போதுமென்று அது துண்டித்த பிறகும் உள்ளேயிருக்கும் எலிமெண்டில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். எர்த்தும் இல்லாத பெட்டியில் உள்ளே ஓர் இடத்தில் காப்பு பழுதானால், அந்த 230 வோல்ட் உலோக உடம்புக்கு வந்து, தொடும் கைக்காகக் காத்திருக்கும்.

இந்த மூன்று தவறுகளும் கையில் கிடைத்தால் பாடத்தின் எலும்புக்கூடு கிடைத்ததாகிவிடும். வினாக்களின் தவறான விடைகள் இவற்றிலிருந்து வரும். பதிலுரைகள் இவற்றுக்கு மறுமொழியாக இருக்கும். குரலுரை எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்பதையும் இவையே சொல்லும்.

குரலுரை: ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல்

தமிழில் செயல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். "மேலுறையை உரித்து, கம்பிகளைப் பிரித்து, நுனியைச் சீவி, இழைகளை முறுக்கி, துளையில் செருகி, திருகை இறுக்கி, மூடியைப் பொருத்துங்கள்" என்று ஒரே மூச்சில் எழுதினாலும் இலக்கணம் குறை சொல்லாது. படிப்பதற்கு இது நன்றாகவே இருக்கும். கையில் ஸ்குரூ டிரைவரோடு கேட்பவருக்கு இது ஏழு வேலை. ஆனால் நின்று மூச்சுவிட ஒரே ஓர் இடம், அதுவும் கடைசியில். அனிமேஷன் செய்பவருக்கும் எந்தச் சொல்லில் எந்தப் படத்தை மாற்றுவது என்று தெரியாது. அதனால் குரலுரையில் ஒரு செயல், ஒரு வினைமுற்று, ஒரு நிறுத்தம் என்பது முதல் விதி. பிளக் பாடத்தின் ஒரு திரை இப்படி இருக்கும்:

> காட்சி 6: மாணவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்த படம். மூடி கழற்றிய பிளக், திருகுகள் தெரிகின்றன. பின்கள் எதிர்ப்பக்கம்.
>
> குரல்: பிளக்கைக் கையில் எடுங்கள். திருகுகள் உங்களைப் பார்க்கட்டும். பின்கள் சுவரைப் பார்க்கட்டும். [2 நொடி நிறுத்தம்] பெரிய பின் மேலே வருமாறு பிடியுங்கள். அதுதான் எர்த். [2 நொடி] இப்போது உங்கள் வலது கைப்பக்கம் ஃபேஸ். இடது கைப்பக்கம் நியூட்ரல். [3 நொடி] பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். திருகுக்கு அருகில் பொறித்திருக்கும் எழுத்தையும் பாருங்கள்.
>
> திரை எழுத்து: L – ஃபேஸ் / N – நியூட்ரல் / E – எர்த்

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. "வலப்பக்கம்" என்று சொல்வதற்கு முன்பே பிளக்கை எப்படிப் பிடிப்பது என்று குரல் சொல்லிவிடுகிறது. படமும் மாணவர் பார்க்கும் கோணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. பயிற்றுநருக்கு எதிரே நின்று எடுத்த படத்தில் அவருடைய வலம் மாணவருக்கு இடமாகிவிடும். இரண்டாவது தவறைப் பாடமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். நிறுத்தங்களும் எழுத்திலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. குரல் கொடுப்பவருக்குக் கையில் பிளக் இருக்காது, அதனால் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரியாது.

"மாட்டவும்", "இறுக்கவும்" என்ற அறிவிப்புப் பலகை நடையைவிட "மாட்டுங்கள்", "இறுக்குங்கள்" என்பது காதுக்கு நெருக்கமானது. "மாட்டுங்க" என்று முழுப் பேச்சு வழக்குக்குப் போனால் கோவைக்கும் நெல்லைக்கும் சென்னைக்கும் பேச்சு மாறும் என்பதால், சொல் எழுத்து வழக்கிலும் வாக்கியத்தின் ஓட்டம் பேச்சிலும் இருப்பது நல்ல நடுவழி. தொழிற்சொற்களில் பட்டறையில் புழங்கும் சொல்லையே குரல் சொல்லட்டும். தேர்வுக்குப் படிக்கும் புத்தகத்தில் வேறு தமிழ்ச் சொல் இருந்தால் அதை ஒருமுறை திரையில் காட்டினால் போதும். ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களை வெளியிடுவது சென்னையிலுள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம்; தமிழ்ப் பதிப்புகளும் வருகின்றன. எழுதுபவர் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். பாடம் ஒரு சொல்லையும் புத்தகம் இன்னொரு சொல்லையும் சொன்னால் அலைவது மாணவர்தான்.

எழுத்தில் தெளிவாக இருப்பது காதில் குழம்பும் இடங்களும் உண்டு. பிளக் பாடத்தில் "பின்" என்ற சொல் அடிக்கடி வரும். "எர்த் பின் பொருத்திய பின்" என்று எழுதினால் கேட்பவர் திணறிவிடுவார். "பொருத்திய பிறகு" என்று மாற்றினால் சிக்கல் தீரும். எண்களைக் குரலுக்கான கட்டத்தில் எழுத்தாலேயே எழுத வேண்டும். 230 என்று இலக்கத்தில் கொடுத்தால் ஒருவர் "இருநூற்று முப்பது" என்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் "டூ தர்ட்டி" என்பார். ஒரே பாடத்துக்குள் இரண்டும் வந்துவிடும். 

வேகத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் ஏற்று நீளமாகிவிடுபவை. "திருகுகளிலிருந்து" என்ற ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொற்கள் அடங்கிவிடும். அதனால் ஆங்கிலப் பாடத்தின் சொற்கணக்கைத் தமிழுக்கு வைக்க முடியாது. நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் என்று வைத்துக்கொண்டால் கைவேலைக்கு ஏற்ற நிதானம் கிடைக்கும். நிறுத்தங்களையும் சேர்த்தால் ஐந்து நிமிடப் பாடத்துக்கு ஏறத்தாழ 350 சொற்கள்தான். எழுதி முடித்ததும் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்து, நேரம் பார்ப்பது கட்டாயம்.

திரை எழுத்து: குரலின் நகல் வேண்டாம்

குரல் சொல்வதை அப்படியே திரையிலும் ஓடவிடுவது பலரும் செய்யும் பிழை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்டு மேயர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். படமும் குரலும் சேர்ந்த பாடத்தில், குரலின் சொற்களையே எழுத்தாகவும் சேர்க்கும்போது கற்றல் மேம்படாமல் குறையவே செய்கிறது என்பது அவர் எடுத்துவைக்கும் கொள்கைகளில் ஒன்று. காரணம் எளிது. படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது. பிளக் பாடத்தில் கண் திருகின் மேல் இருக்க வேண்டிய நொடியில் அது திரையின் அடியில் வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே திரை எழுத்தில் குரலால் நிறுத்தி வைக்க முடியாதவை மட்டும் இருக்கட்டும். குரல் காற்றில் போய்விடும். நிறம், குறி, அளவு, எச்சரிக்கை ஆகியவை கண்ணெதிரே நிற்க வேண்டும். காட்சி 6-இல் குரல் பல வாக்கியங்கள் பேசுகிறது. திரையில் மூன்றே வரி. ஒயரைச் சீவும் காட்சியில் "எர்த் கம்பி மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக" என்று மட்டும் எழுத்து வரும். ஒயரை யாராவது வெடுக்கென்று இழுத்துவிட்டால் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும் என்ற காரணத்தைக் குரல் விளக்கும். பிடிப்பான் காட்சியில் "மேலுறையின் மேல் பிடிக்கட்டும்" என்பது எழுத்து. உள்கம்பிகளின் மேல் இறுக்கினால் காப்பு நசுங்கும், இழுவையும் திருகின் மேல் விழும் என்பது குரல்.

காது கேளாதவருக்கும், சத்தம் வைக்க முடியாத இடத்தில் பார்ப்பவருக்கும் முழு எழுத்தும் தேவைதான். அதை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைக்கும் வசனவரியாகத் தனியே கொடுக்க வேண்டும். திரை எழுத்தின் வேலையை வசனவரியின் தலையில் கட்டக் கூடாது. வசனவரியின் வேலையைத் திரை எழுத்தின் மேல் சுமத்தவும் கூடாது.

பதிலுரை: பாடம் பயிற்றுநராகும் இடம்

எழுதுபவரின் உழைப்பு மிகக் குறைவாகப் போய்ச் சேருவது வினாக்களின் பதிலுரையில்தான். "சபாஷ்! சரியான விடை", "தவறான விடை. மீண்டும் முயலுங்கள்" என்ற இரண்டே வரிகளை எல்லா வினாக்களுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். கல்வியில் பின்னூட்டத்தைப் பற்றி 2007-இல் ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆளைப் பாராட்டும் சொல்லால் கற்றலுக்கு ஆகும் பயன் மிகக் குறைவு என்கிறது. செய்த வேலையைப் பற்றியும், அதைச் செய்த முறையைப் பற்றியும் பேசும் சொல்லே உதவுகிறது. ஆகவே பதிலுரை, மாணவர் எந்த எண்ணத்தில் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பிடித்துப் பேச வேண்டும்.

முதல் வினா: "இஸ்திரிப் பெட்டியின் ஒயரில் வெளிர்நீலக் கம்பியை எந்தத் திருகில் மாட்டுவீர்கள்?" விடைகள் L, N, E. மாணவர் L-ஐத் தொட்டால் வரும் பதிலுரை:

> "மூன்று ஃபேஸ் வயரிங்கில் நீலம் ஃபேஸ்தான். இது சுவருக்குள் போகும் ஒயர் அல்ல, சாதனத்தோடு வரும் வளையும் ஒயர். இதில் ஃபேஸுக்கு வேறு நிறம் உண்டு. காட்சி 4-ஐ ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள்."

மாணவர் அறிந்தது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று இது பிரித்துக் காட்டுகிறது. விடையை உடனே சொல்லிவிடவும் இல்லை. இரண்டாவது முறையும் தவறினால் முழு விடையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஊகிக்கவிட்டால் மாணவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கடந்துபோவார்:

> "பழுப்பு ஃபேஸ், L. வெளிர்நீலம் நியூட்ரல், N. இரண்டையும் மாற்றி மாட்டினாலும் பெட்டி சூடாகும். ஆனால் தெர்மோஸ்டாட் துண்டித்த பிறகும் எலிமெண்டில் மின்சாரம் இருக்கும்."

சரியான விடைக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மூன்றில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டவருக்கும் அது சரியாக அமைந்துவிடலாம்: "சரி. சாதன ஒயரில் வெளிர்நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வயரிங்கின் நீலத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்."

இரண்டாவது வினா ஆபத்தான தவறைத் தொடுகிறது: "பிளக் மாட்டி முடித்துச் சாக்கெட்டில் செருகினீர்கள். பெட்டி சூடாகிறது. வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடலாமா?" "கொடுக்கலாம்" என்றவருக்கு:

> "சூடாவதற்கு ஃபேஸும் நியூட்ரலும் போதும். எர்த் கழன்று கிடந்தாலும் இந்தப் பெட்டி சூடாகும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எர்த் சேர்ந்திருக்கிறதா என்று அறிய மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் எங்கெங்கே வைப்பீர்கள்?"

இங்கே பதிலுரையே அடுத்த வினாவாகிவிடுகிறது. ஒரு முனை எர்த் பின்னில், மறுமுனை பெட்டியின் பூச்சில்லாத உலோகத்தில் என்பது விடை. மல்டிமீட்டர் பீப் ஒலித்தால் எர்த் பாதை தொடர்ந்திருக்கிறது. அடுத்து L பின்னுக்கும் N பின்னுக்கும் இடையே எலிமெண்டின் ஓம் அளவைப் பார்க்கச் சொல்லலாம். 1000 வாட் பெட்டிக்கு 230 × 230 ÷ 1000 என்ற கணக்கில் ஏறக்குறைய 53 ஓம் வர வேண்டும். எலிமெண்ட் குளிர்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். பெட்டியின் குமிழ் அணைந்த நிலையில் இருந்தால் அளவே காட்டாது. "எலிமெண்ட் போய்விட்டது" என்று முடிவு கட்டுபவருக்கு ஒரு பதிலுரை வேண்டும்: "குமிழைத் திருப்பி வைத்தீர்களா? தெர்மோஸ்டாட் திறந்திருந்தால் நல்ல எலிமெண்டும் அளவு காட்டாது."

சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எர்த்துக்கும் ஃபேஸுக்கும் இடையே மல்டிமீட்டர் எதையும் காட்டவில்லை என்பதால் காப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. பலவீனமான காப்பைக் கண்டுபிடிக்க 500 வோல்ட் மெக்கர் தேவை. மல்டிமீட்டரின் சிறிய பேட்டரி அந்த அழுத்தத்தைத் தராது. பாடம் இதைச் சொல்லாமல் விட்டால் மாணவருக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்ததாகிவிடும்.

பதிவுக்கு முன் ஒரு சோதனை

ஒலிப்பதிவுக்குப் போகும் முன் இந்தப் பக்கங்களை, பிளக்கே மாட்டியிராத ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். எழுதியவர் படிக்கட்டும், அவர் செய்யட்டும். மின்சாரம் இல்லாத மேசை, ஒரு பழைய பிளக், ஒரு துண்டு ஒயர் போதும். எழுதியவர் எழுதியதை மட்டுமே படிக்க வேண்டும். கையை நீட்டிக் காட்டக் கூடாது, இடையில் விளக்கவும் கூடாது. அவர் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் வாக்கியம் பழுதாகியிருக்கிறது. அவர் கை தவறான திருகுக்குப் போகும் இடத்தில் ஒரு புதிய வினாவும் பதிலுரையும் தேவை. ஒலியை ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோப்பாகப் பதிவு செய்து எண் கொடுத்துவிட்டால், பிறகு ஒரு வாக்கியத்தைத் திருத்த முழுப் பாடத்தையும் மறுபடி பதிய வேண்டியதில்லை.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் சில விஷயங்கள் இந்தப் பாடத்துக்குள் அடங்காது. திருகு போதுமான அளவு இறுகியிருக்கிறதா, கத்தி செம்பு இழையை வெட்டிவிட்டதா என்பதைக் கையும் பயிற்றுநரின் கண்ணும்தான் சொல்ல முடியும். அதனால் பாடத்தின் கடைசித் திரை தேர்ச்சி மதிப்பெண்ணோடு முடியாமல், "நீங்கள் மாட்டிய பிளக்கை, செருகுவதற்கு முன் பயிற்றுநரிடம் காட்டுங்கள்" என்ற வரியோடு முடிய வேண்டும்.

தமிழில் தொழிற்பாடம் எழுதும் பயிற்றுநர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடத்தைத் தொடங்கும்போது குரலுரையின் முதல் வரியை எழுதாதீர்கள். மாணவர்கள் செய்யும் மூன்று தவறுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும், பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லித் தடுப்பீர்களோ அதை எழுதுங்கள். மற்றப் பக்கங்களை அதன் பிறகு எழுதலாம்.